வேலில் கட்டிய வேம்பு

தமிழ் இலக்கியம் படிக்கும் பேத்தி, "காதல் என்றால் அகம், போர் என்றால் புறம், அவ்வளவுதானே தாத்தா?" என்றாள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, ஓய்வு பெற்ற பிறகே சங்க நூல்களுக்கு வந்தவன் நான். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

அகம் இருவர் மனத்துக்குள் நிகழும் காதல். அது யாருடைய காதலாகவும் இருக்கலாம். அதனால் அகப்பாட்டில் காதலரின் பெயரைச் சொல்லக்கூடாது என்கிறது தொல்காப்பியம். புறம் ஊரறிய நடப்பது: போர், கொடை, சாவு. அங்கே பெயர் சொல்லலாம்.

நக்கீரரின் நெடுநல்வாடையைப் பாருங்கள். வாடை வீசும் நள்ளிரவு. அரண்மனையில் அரசி பிரிவால் வாடுகிறாள். பாசறையில் அரசனும் தூங்காமல், புண்பட்ட வீரர்களைப் பார்த்து வருகிறான். அவன் பெயர் எங்குமே இல்லை. பிரிவைப் பாடுவதால் அகம் என்றே தோன்றும்.

ஆனால் அவனுக்கு வழிகாட்டி முன்னே செல்பவன் கையிலுள்ள வேலில் வேம்பு கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியரின் அடையாள மாலை. ஆள் யாரென்று தெரிந்துவிட்டது என்று சொல்லி, உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இதைப் புறத்தில் சேர்த்தார். குலம்தான் தெரிகிறது, ஆள் தெரியவில்லை என்று அகத்திலேயே வைப்பவர்களும் உண்டு.

எந்தப் பக்கம் நின்றாலும், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது இன்னாருடைய கதை என்று பாட்டு காட்டிக்கொடுக்கிறதா?