சீற்றுக்கடியில் வைத்த களிம்பு: வெயில் மருந்தை என்ன செய்கிறது?

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் தோல் கிளினிக் முடித்து, பண்ணைப் பாலத்தால் வேலணைக்குத் திரும்புகிறவர்களில் பலர் மருந்துப் பையை மோட்டார் சைக்கிள் சீற்றுக்கடியில் உள்ள பெட்டிக்குள்தான் வைக்கிறார்கள். வழியில் சந்தை, வங்கி, ஒரு செத்தவீடு. வீடு சேர மூன்று மணித்தியாலம் ஆகிவிடும். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ரியூப் பெட்டிக்குள்ளேயே கிடப்பது உண்டு.

மூடிய வாகனத்துக்குள் எவ்வளவு சூடேறும் என்பதை 2005 இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு அளந்து வெளியிட்டது. வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணித்தியாலத்தில் சராசரியாக 22 பாகை செல்சியஸ் கூடியது. அதில் பெரும்பகுதி முதல் அரை மணித்தியாலத்திலேயே கூடிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டும் பெரிய வித்தியாசம் இல்லை. தீவகத்தில் நண்பகலில் 32 பாகை இருந்தால் காருக்குள் 54 வரை போகலாம். மோட்டார் சைக்கிள் பெட்டிக்கு மேலே கறுப்புச் சீற், கீழே இயந்திரச் சூடு. பெரும்பாலான களிம்புப் பெட்டிகளிலோ 25 அல்லது 30 பாகைக்குக் கீழே வைக்கும்படி அச்சிட்டிருக்கும்.

கிறீம் என்பது எண்ணெயும் தண்ணீரும் ஒன்றோடொன்று பிரியாமல் பிடித்து வைக்கப்பட்ட கலவை. சூடு அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. எண்ணெய்த் துளிகள் ஒன்று சேர்ந்து, தண்ணீர் தனியே பிரியும். பிறகு ரியூப்பை அமத்தினால் முதலில் தண்ணீரும் பின்னர் கட்டியும் வரும். மருந்து எந்தப் பகுதியில் கூட, எந்தப் பகுதியில் குறைய என்று பூசுகிறவருக்குத் தெரியாது. வாசலின் போன்ற அடியில் செய்த களிம்பில் பிரிய அந்தளவு தண்ணீர் இல்லை. ஆனால் அது உருகித் திரும்ப இறுகும்போது, கரையாத மருந்துத் துகள்கள் அடியில் தங்கிவிடலாம்.

இரண்டாவது கேடு கண்ணுக்குத் தெரியாது. 10 பாகை கூடும்போது இரசாயன மாற்றத்தின் வேகம் இரண்டு முதல் நான்கு மடங்காகும் என்பது மருந்தியலில் உள்ள பொதுக் கணக்கு. 30 இலிருந்து 50 பாகைக்குப் போனால் அது நான்கு முதல் பதினாறு மடங்கு. நாளுக்கு 3 மணித்தியாலம் சீற்றுக்கடியில் இருந்த ரியூப், அந்த நேரத்துக்குள் 12 முதல் 48 மணித்தியாலம் வரை முதுமையடைகிறது. ஒரு மாதத்தில் இது 15 முதல் 60 நாள். இரண்டு வருடத் தவணை உள்ள, முத்திரை உடையாத ரியூப்புக்கு இது உடனடி ஆபத்தல்ல. திறந்து, பாதி பாவித்த ரியூப் அப்படித் தாங்காது.

எக்சிமாவுக்கும் கடிக்கும் எங்கள் பக்கம் அதிகம் கொடுக்கப்படும் பீற்றாமெதசோன் வலரேற் இதற்கு நல்ல உதாரணம். சூட்டிலும், பொருந்தாத வேறு கிறீமோடு கலக்கும்போதும், அதன் மூலக்கூறில் ஒரு பகுதி இடம் மாறிக்கொள்கிறது. மாறிய வடிவத்தின் வீரியம் மிகக் குறைவு. நிறமும் மணமும் அப்படியே இருக்கும். மருந்து பூசியும் கடி நிற்காதபோது, வருத்தம் முற்றிவிட்டது என்று நினைத்துக் கூடிய வீரியமுள்ள ஸ்டீரொயிட்டைத் தேடுகிறோம். அதற்கு முன்னர் ரியூப் எங்கே இருந்தது என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

முகப்பருவுக்குப் பூசும் பென்சோயில் பெரொக்சைட் சூட்டில் உடையும்போது, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பென்சீன் உருவாகலாம். 2024 மார்ச்சில் வலிஷூர் என்ற அமெரிக்க ஆய்வுகூடம் இதை எழுப்பியது. அடுத்த வருடம் அந்நாட்டு மருந்து நிர்வாகம் 95 உற்பத்திகளைச் சோதித்தபோது, பத்தில் ஒன்பதுக்கும் மேலானவற்றில் பென்சீன் இல்லை அல்லது மிகக் குறைவு. சில மீளப்பெறப்பட்டன. பயந்து நிறுத்தத் தேவையில்லை, வெயிலில் வைக்காமல் இருந்தால் போதும்.

எரிகாயத் தழும்பும் ஷெல் காயத் தழும்பும் உள்ளவர்களுக்கு சன்ஸ்கிறீன் அழகுச் சாமானல்ல. புதுத் தழும்பு வெயிலில் கறுத்தால் அந்த நிறம் இலகுவில் போகாது. பிரிந்துபோன சன்ஸ்கிறீன் தோலில் சீராகப் படியாது, இடையிடையே காவலில்லாத இடம் விடும். எரிகாயத்துக்கான சில்வர் சல்ஃபாடயசின் வெள்ளைக் கிறீம் வெளிச்சத்தில் சாம்பலாகவோ மண்ணிறமாகவோ மாறினால் எறிந்துவிட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் வைற்றமின் சி சீரம் தேயிலைச் சாய நிறத்துக்கு வந்தால் அதன் வேலை முடிந்தது.

சந்தேகமென்றால் வெள்ளைக் கோப்பையில் கொஞ்சம் அமத்திப் பாருங்கள். தண்ணீர் பிரிதல், மணல் போன்ற துகள், புளித்த மணம், நிறமாற்றம் இருந்தால் பாவிக்க வேண்டாம். ஆனால் இவை ஒன்றும் இல்லாவிட்டாலும் வீரியம் குறைந்திருக்கலாம்.

சுடுதண்ணீர்க் குளியலறை எங்கள் வீடுகளில் குறைவு. ரொறொன்ரோவிலோ லண்டனிலோ உள்ள உறவுகளுக்குத்தான் அந்த ஆவி பிரச்சினை: மூடியைத் திறந்து வைத்தால் ஈரம் போய்ச் சேரும், ஈர விரலை டப்பாவுக்குள் விட்டால் கிருமியும் சேரும். இங்கே எதிரி தகரக் கூரை. மீள்குடியேற்றத்தின்போது போட்ட தகரத்தின் கீழே அலுமாரியின் மேல்தட்டுத்தான் வீட்டிலேயே சூடான இடம். களிம்பைக் கீழ்த்தட்டில், உட்சுவரோரம், அதன் பெட்டியோடு வையுங்கள். அதிலும் சூடென்றால், ரியூப்பைப் பொலித்தீனில் சுற்றி, வெறும் மண்சட்டிக்குள் வைத்து, அந்தச் சட்டியை ஈர மணல் நிரப்பிய பெரிய சட்டிக்குள் இறக்கலாம். குளிர்சாதனப் பெட்டி இருந்தாலும் உறைய விடும் தட்டில் வைக்கக் கூடாது. உறைந்த கிறீமும் பிரியும்.

வைத்தியசாலையில் சிறு டப்பாவில் அள்ளித் தந்தால் தவணைத் திகதி அதில் இராது. எத்தனை கிழமைக்குள் முடிக்க வேண்டும் என்று கொடுக்கிறவரிடமே கேட்டு, மூடியில் எழுதி, சட்டைப் பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள்.