மரியாதை எந்தச் சொல்லில் இருக்கிறது?

அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. மாதிரிக்கு வைத்துக்கொள் என்று பெரியப்பா தன்னுடைய கல்யாணப் பத்திரிகையை எடுத்துக் கொடுத்தார். தலைப்பே 'விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை'. உள்ளே தாத்தா இப்படி அழைத்திருந்தார்: 'தாங்கள் தங்கள் இஷ்டமித்திர பந்து ஜன சகிதம் விஜயம் செய்து, வதூவரர்களை ஆசீர்வதிக்கும்படி பிரார்த்திக்கிறேன்.'

நான் எழுதியது: 'குடும்பத்தோடு வந்து மணமக்களை வாழ்த்துங்கள்.'

பெரியப்பா படித்துவிட்டு, "என்னடா, ஆர்டர் போடற மாதிரி இருக்கு. மரியாதை எங்க?" என்றார்.

வடமொழிப் பற்று என்று நினைத்துக் கோபப்பட்டேன். பிறகு யோசித்தால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. இந்த மாற்றத்தை முன்னெடுத்தவர்களும் அதைச் சந்தித்தவர்கள்தான். 1916இல் வேதாசலம் மறைமலையடிகளாகித் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். மேடைகளில் அக்கிராசனர் மெல்லத் தலைவரானார். 1967இல் அண்ணா ஆட்சிக்கு வந்ததும் அரசு வழக்கில் ஸ்ரீ போய் திரு வந்தது. ஸ்ரீயை வெறுமனே வெட்டியிருந்தால் பெயர் மொட்டையாக நின்றிருக்கும். திருக்குறளிலும் திருவாசகத்திலும் ஏற்கெனவே மதிப்பேறிய சொல் அந்த இடத்தில் அமர்ந்ததால் யாருக்கும் குறைவாகத் தோன்றவில்லை. திருமதியோ ஸ்ரீமதியின் அச்சில் வார்த்தது. பாதி மாறி, 'மதி' அப்படியே தங்கிவிட்டது.

தாத்தாவின் வரியைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்தேன். 'இஷ்டமித்திர பந்து ஜன' என்பது சுற்றமும் நட்பும். 'விஜயம் செய்து' என்றால் வந்திருந்து. 'வதூவரர்' மணமக்கள். இவை தகவல்தான், மாற்றினால் மரியாதை குறையாது. பணிவு இருந்தது இரண்டு முனைகளில்: தொடக்கத்தில் 'தாங்கள்', முடிவில் 'பிரார்த்திக்கிறேன்'. முதலாவது தமிழ்ச்சொல்லே. இரண்டாவதை நான் 'வாழ்த்துங்கள்' என்று ஏவலாக்கியிருந்தேன். வேண்டிக்கொண்டவர் கட்டளையிடுபவராகிவிட்டார். தவறு அங்கேதான்.

திருத்தி எழுதினேன்: 'தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து மணமக்களை வாழ்த்த வேண்டுகிறோம்.' பதினொரு சொல் எட்டானது.

அக்கா பெயருக்கு முன்னால் வரும் 'சௌபாக்கியவதி' மட்டும் இடறியது. அது வெறும் அடைமொழி இல்லை, வாழ்த்து. 'செல்வி' என்று நிறுத்தினால் வாழ்த்து போய்விடும். அதனால் 'திருவளர்செல்வி' என்று போட்டேன். திரு மேலும் மேலும் வளரட்டும் என்ற வாழ்த்து அதற்குள்ளேயே இருக்கிறது.

அச்சகத்திலிருந்து வந்த புரூஃபைப் பெரியப்பா வாய்விட்டுப் படித்தார். "ம், இப்பதான் கூப்பிடற மாதிரி இருக்கு." பிறகு பேனாவை எடுத்து ஒரு எழுத்தை அடித்தார். 'திருவளர்ச்செல்வி' என்று அச்சாகியிருந்தது. "வினைத்தொகைடா. வல்லினம் மிகாது."