காலி நாற்காலி, கவிழ்ந்த பாட்டில்: ஊர் அளவில் நேரடி ஓட்டு

இன்னைக்கு எபிசோடை ரெண்டு தேர்தல் சின்னங்களோட ஆரம்பிக்கிறேன். ஒண்ணு, ஆள் உட்கார்ந்திருக்கிற நாற்காலி. இன்னொண்ணு, யாரும் இல்லாத காலி நாற்காலி. இது எந்தக் கட்சியோட சின்னமும் இல்லை. மத்தியப் பிரதேசத்தில் ஒரு நகராட்சித் தலைவர் பதவியில் நீடிக்கணுமா, வேண்டாமா என்று மக்களிடம் கேட்கும்போது இந்த ரெண்டு படத்தைத்தான் வைத்தார்கள். ஹிந்தியில் 'காலி குர்சி, பரீ குர்சி' என்பார்கள். 'காலி' என்ற சொல்லை மொழிபெயர்க்கக்கூட வேண்டியதில்லை, நமக்கே தெரிஞ்ச வார்த்தை.

நேரடி ஜனநாயகம் என்றதும் நம்மில் பலருக்குச் சுவிட்சர்லாந்துதான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இந்தச் சட்டங்களைத் தேடிப் படிக்க ஆரம்பிச்ச பிறகுதான் இந்தியாவில், அதுவும் சின்ன ஊர்களில், இது நடந்திருக்கு என்பது புரிஞ்சுது. இதில் மூணு கருவிகள் உண்டு. தேர்ந்தெடுத்தவரை நடுவிலேயே வீட்டுக்கு அனுப்புவது திரும்ப அழைத்தல். ஒரு கேள்விக்கு மக்களே ஆமாம், இல்லை என்று ஓட்டுப் போடுவது பொது வாக்கெடுப்பு. அந்தக் கேள்வியை மக்களே கையெழுத்து வாங்கி எழுப்புவது மக்கள் முன்முயற்சி. மூணும் கேட்க எளிமையாக இருக்கும். ஆனா ஒவ்வொன்றுக்குள்ளேயும் ரெண்டு கேள்வி ஒளிஞ்சிருக்கு: யார் தொடங்கலாம்? எதில் பாதி வேணும்? இன்னைக்குப் பேசப்போறது இந்த ரெண்டைப் பற்றித்தான்.

முதலில் நாற்காலி. மத்தியப் பிரதேச நகராட்சிகள் சட்டம் 1961-இல் வந்தது. பின்னாளில் நகராட்சித் தலைவரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்காமல் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தபோது, அதன் 47-ஆவது பிரிவில் திரும்ப அழைக்கும் வழியும் சேர்ந்தது. தர்க்கம் நேரானது. மக்கள் உட்கார வைத்தவரை கவுன்சிலர்கள் கூடி எழுப்பிவிடக் கூடாது, மக்களே எழுப்பட்டும். 2001-இல் அனுப்பூர் என்ற சிறிய ஊரில் நகராட்சித் தலைவர் இப்படி வாக்கெடுப்பில் பதவி இழந்தார். சத்தீஸ்கர் தனி மாநிலமான பிறகும் இதே முறையை வைத்துக்கொண்டது. அங்கே 2008-இல் ராஜ்பூர், குண்டர்தேஹி, நவாகட் என்று மூன்று ஊர்களின் தலைவர்கள் நாற்காலி இழந்தார்கள்.

எப்படி நடக்கும் என்று படிப்படியாகப் பார்ப்போம். அப்போதைய விதிப்படி, தலைவர் பதவியேற்று ரெண்டு வருஷம் முடிந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் யாரும் வாய் திறக்க முடியாது. பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்களில் முக்கால்வாசிப் பேர் கையெழுத்துப் போட்டுக் கலெக்டரிடம் கொடுக்க வேண்டும். பதினஞ்சு வார்டு உள்ள ஊர் என்றால் பன்னிரண்டு கையெழுத்து. கலெக்டர் கையெழுத்துகளைச் சரிபார்த்து அரசுக்கு அனுப்புவார், அங்கிருந்து மாநிலத் தேர்தல் ஆணையத்துக்குப் போகும். பிறகு ரகசிய வாக்கெடுப்பு. ஓட்டுப் போட்டவர்களில் பாதிக்கு மேல் காலி நாற்காலியைத் தேர்ந்தெடுத்தால், தலைவர் அப்போதே பதவி இழந்தவராகிறார். எதிர் வேட்பாளர் என்று யாரும் இந்த ஓட்டில் கிடையாது. நாற்காலி காலியானால் அதை நிரப்ப அப்புறம் தனியாகத் தேர்தல். ஒரு பதவிக்காலத்தில் இதை ஒரே ஒரு முறைதான் முயற்சிக்கலாம்.

இந்தப் படிகளில் வாக்காளர் எங்கே வருகிறார் பாருங்க. கடைசியில்தான். ஊரில் பத்தாயிரம் பேர் கோபமாக இருந்தாலும், பன்னிரண்டு கவுன்சிலர் கையெழுத்துப் போடாவிட்டால் ஒண்ணும் நகராது. மறுபக்கம், மக்களுக்குத் தலைவர் மேல் பெரிய குறை இல்லாமல், கவுன்சிலர்களுக்கு மட்டும் ஒத்துப்போகவில்லை என்றாலும் ஊரே ஓட்டுச்சாவடிக்குப் போக வேண்டியிருக்கும். 1903-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் தன் நகர சாசனத்தில் இந்த மூன்று கருவிகளையும் சேர்த்தபோது, திரும்ப அழைத்தலைத் தொடங்கும் கையெழுத்தை வாக்காளரிடம்தான் கொடுத்தது. மத்தியப் பிரதேசத்தில் சாவி கவுன்சிலர் கையில், பூட்டு மட்டும் மக்கள் கையில்.

சரி, சாவியும் மக்கள் கையில் இருக்கிற இடம் நம்ம நாட்டில் உண்டா? உண்டு. ஆனா அது மனுஷரை நீக்குவதற்கு இல்லை, சாராயக் கடையை நீக்குவதற்கு.

ராஜஸ்தானில் 1975-இல் ஒரு விதித்தொகுப்பு வந்தது. ஓர் ஊரின் வாக்காளர்களில் 20 சதவீதம் பேர் மனுக் கொடுத்தால், அந்த ஊர் நாட்டுச் சாராயக் கடை வேணுமா வேண்டாமா என்று அரசு வாக்கெடுப்பு நடத்த வேண்டும். மொத்த வாக்காளரில் 51 சதவீதம் பேர் வேண்டாம் என்றால் கடை போகும். முன்முயற்சியும் பொது வாக்கெடுப்பும் ஒரே விதிக்குள் வந்துவிட்டன.

ராஜ்சமந்த் மாவட்டத்தில் கச்சாபலி என்ற ஊர். பெண்கள் முன்னின்று கடையை எதிர்த்தார்கள். 2016 மார்ச் 29-ஆம் தேதி வாக்கெடுப்பு நடந்தது. பட்டியலில் இருந்த வாக்காளர்கள் 2,886 பேர். ஓட்டுப் போட்டவர்கள் 2,039 பேர். மூட வேண்டும் என்றவர்கள் 1,937. வேண்டாம், இருக்கட்டும் என்றவர்கள் 33. செல்லாத ஓட்டு 69.

முடிவு தெரிஞ்சுபோச்சு, கடைக்குத் தோல்வி. ஆனா இந்த எண்களை வைத்துக் கொஞ்சம் கணக்குப் போடலாம். மனுவுக்கு 2,886-இல் 20 சதவீதம், அதாவது 578 கையெழுத்து வேண்டும். வெற்றிக்கு 51 சதவீதம், அதாவது 1,472 ஓட்டு. இது வந்து ஓட்டுப் போட்டவர்களில் 51 இல்லை, பட்டியலில் உள்ளவர்களில் 51. அன்னைக்கு 1,400 பேர் மட்டும் வந்து, அந்த 1,400 பேரும் மூடு என்று சொல்லியிருந்தால்? நூற்றுக்கு நூறு வாங்கியும் தோற்றிருப்பார்கள். அதே 1,400 பேர் மத்தியப் பிரதேசத்தின் நாற்காலிக் கணக்கில் வந்திருந்தால், 701 ஓட்டே போதும்.

அப்போ ராஜஸ்தான் கணக்கில் வீட்டில் இருந்தவர் ஓட்டு எங்கே போகிறது? கடைக்காரருக்கு. வேலைக்காக வெளியூர் போனவர், இறந்துபோயும் பட்டியலில் பெயர் நீக்கப்படாதவர், கல்யாணமாகி வேற ஊர் போன பெண், இவர்கள் எல்லாருமே கடை இருக்கட்டும் என்று சொன்னதாகத்தான் கணக்கு. அதனால் கடைக்காரர் யாருடைய மனசையும் மாற்ற வேண்டியதில்லை. கொஞ்சம் பேரை வீட்டிலேயே இருக்க வைத்தால் போதும். கச்சாபலியில் உண்மையான வெற்றி அந்த 33-க்கு எதிரான 1,937 இல்லை. பத்தில் ஏழு பேரை வெளியே வரவைத்ததுதான்.

இந்தச் சிக்கலுக்கு மகாராஷ்டிரா வேற வழி பார்த்தது. அங்கே 2008-இல் வந்த ஆணைப்படி, ஊரில் அல்லது நகர வார்டில் உள்ள பெண் வாக்காளர்களில் 25 சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டாலே வாக்கெடுப்பு கேட்கலாம். பெண்கள் மட்டும் ஓட்டுப் போடலாம், பெண்கள் பட்டியலில் பாதிக்கு மேல் மூடு என்றால் கடை போகும். சின்னம் இங்கேயும் அழகு: நிற்கிற பாட்டில், படுத்த பாட்டில். மராட்டியில் 'உபி பாட்லி, ஆட்வி பாட்லி'. பாட்டிலைக் கவிழ்க்கணும் என்றால் படுத்த படத்துக்கு ஓட்டு.

கற்பனையாக ஆயிரம் பெண் வாக்காளர் உள்ள ஒரு வார்டை எடுத்துக்கலாம். மனுவுக்கு 250 கையெழுத்து. வெற்றிக்கு 501 ஓட்டு. 600 பேர் வந்து, 480 பேர் படுத்த பாட்டிலுக்கும் 120 பேர் நிற்கிற பாட்டிலுக்கும் போட்டால், நாலுக்கு ஒண்ணு என்று ஜெயிச்ச மாதிரி தெரியும். கடை மறுநாள் காலையில் வழக்கம்போல் திறக்கும்.

இந்த முறையில் எனக்கு ரொம்ப முக்கியமாகப் பட்டது ஓட்டு இல்லை, அதற்கு முந்தைய கையெழுத்து. ஓட்டு ரகசியம். குடிக்கிற கணவரோ, கடைக்காரரோ, யாரும் எட்டிப் பார்க்க முடியாது. ஆனா மனுவில் பெயரும் கையெழுத்தும் வெளிச்சத்தில் இருக்கும். அதிகாரிகள் அதை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். பட்டியலில் இல்லாத பெயர், ஒரே ஆள் ரெண்டு தடவை, பொருந்தாத கையெழுத்து என்று கழித்துக்கொண்டே வருவார்கள். அதனால் சரியாக 250 மட்டும் வாங்கிப்போகிறவர்கள் பெரும்பாலும் சரிபார்ப்பிலேயே விழுவார்கள், இன்னும் அதிகமாக வாங்க வேண்டும். அந்தக் கூடுதல் கையெழுத்து ஒவ்வொன்றும், ஒரு பெண் தன் பெயரை ஊருக்கு முன்னால் வைப்பதுதான். வாசலை உயர்த்தினால் விளையாட்டு மனுக்கள் குறையும் என்பது சரி. ஆனா கூடவே, எத்தனை பேர் பயத்தைத் தாண்டி வரணும் என்ற எண்ணிக்கையும் உயரும்.

நீங்க கேட்கப்போறது தெரியும்: தமிழ்நாட்டில்? நம்ம ஊராட்சிகள் சட்டம் 1994-இன் 205-ஆவது பிரிவில் ஊராட்சித் தலைவரை நீக்க வழி இருக்கு. அதில் நோட்டீஸ் கொடுப்பது கலெக்டர், தாசில்தார் கூட்டும் கூட்டத்தில் கருத்துச் சொல்வது ஊராட்சி உறுப்பினர்கள். வாக்காளருக்கு அதில் ஓட்டுச்சீட்டு கிடையாது. நாற்காலிச் சின்னமும் இல்லை, பாட்டில் சின்னமும் இல்லை.

அதனால் அடுத்த முறை யாராவது மேடையில் 'திரும்ப அழைக்கும் உரிமை கொண்டுவருவோம்' என்று சொன்னால், கை தட்டுவதற்கு முன்னால் ரெண்டு கேள்வி கேளுங்க. முதல் கையெழுத்து யாருடையது? பாதி என்றால் எதில் பாதி, வந்தவர்களிலா, பட்டியலிலா? இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சால், அந்த நாற்காலி உண்மையிலேயே காலியாகுமா, படம் மட்டும்தானா என்று நீங்களே சொல்லிடலாம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.