கடையிலிருந்தா, களஞ்சியத்திலிருந்தா?

2020 மார்ச் 20 ஆம் திகதி நாடளாவிய ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தபோது, பல்பொருள் அங்காடிகளின் கதவுகள் வாடிக்கையாளர்களுக்கு மூடப்பட்டன. எனினும் உள்ளேயிருந்த பொருட்கள் வாகனங்களில் வீடுகளைத் தேடிச் சென்றன. கடைகளே களஞ்சியங்களாக மாறிய காலம் அது. அன்று வேறு வழியிருக்கவில்லை. சாதாரண காலத்தில், எந்த இணையவழிக் கட்டளையைக் கடையிடம் ஒப்படைப்பது என்பது கணக்கிட்டுத் தீர்மானிக்க வேண்டிய விடயமாகும்.

பொகவந்தலாவைத் தோட்டமொன்றிலிருந்து ஒருவர், கொழும்பு நிறுவனமொன்றின் இணையத்தளத்தில் ரைஸ் குக்கர் ஒன்றைக் கோருகிறார் எனக் கொள்வோம். கொழும்புக் களஞ்சியத்திலிருந்து அது அவிசாவளை, கினிகத்தேனை ஊடாக மலையேற வேண்டும். மண்சரிவு ஏற்பட்டால் அப்பாதையும் தடைப்படும். ஹட்டன் கிளையிலோ, கணினிப் பதிவின்படி மூன்று குக்கர்கள் உள்ளன. தூரத்தை மாத்திரம் நோக்கினால் விடை தெளிவானது.

ஆனால் நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். தோட்டங்களில் மாதத்தின் 10 ஆம் திகதியை ஒட்டியே சம்பளம் வழங்கப்படுகிறது. நகரக் கடைகளில் கூட்டம் நிறைவதும் அப்போதுதான். கிளையிலிருந்து அனுப்புவதால், பொதி கட்டும் கூலி போக 225 ரூபா மிச்சமாகிறது என்றும், ஒரு குக்கரின் இலாபம் 900 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். அடுத்த லொறி வருமுன் அக்குக்கர் கடையிலேயே விலைபோகக்கூடிய வாய்ப்பு நான்கிலொரு பங்குக்கு மேற்பட்டால், மிச்சத்தை இழப்பு விஞ்சிவிடும். எனவே கட்டளையிட்டவர் இரண்டு நாள் பொறுப்பாராயின், 8 ஆம் திகதி கொழும்பிலிருந்தும், 20 ஆம் திகதி ஹட்டனிலிருந்தும் அனுப்புவதே முறை. அவர் மின்கேத்தல் ஒன்றையும் கோரி, அது கொழும்பில் மட்டும் இருக்குமாயின், இரண்டையும் அங்கிருந்தே அனுப்புவது நன்று. இரு பொதிகளின் கூலி 225 ரூபாவை விழுங்கிவிடும்.

மூன்று என்ற பதிவையும் அப்படியே நம்ப முடியாது. ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டதாயிருக்கலாம். மற்றொன்றின் பெட்டி உடைந்திருக்கலாம். ஆகவேதான் கடைசி ஓரிரு பொருட்களை இணையத்தில் காட்டாது மறைத்து வைக்கின்றனர். ஒரு கிளையிலிருந்து "பொருள் இல்லை" என்ற பதில் அடிக்கடி வருமாயின், மென்பொருளைத் திருத்துவதற்கு முன் அக்கிளையின் இருப்பை எண்ணிப்பார்க்க வேண்டும்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் அப்பதில் தொடர்ந்தால், காரணம் வேறு. இணையவழி விற்பனை கொழும்பின் கணக்கில் சேருமாயின், தன் ஊழியரைக் கொண்டு பொதி கட்டும் கிளை முகாமையாளருக்கு இலக்கில் ஒரு ரூபாவும் கூடுவதில்லை. அவர் குக்கரைச் சம்பள நாளுக்காக ஒதுக்கி வைப்பதை நாம் குறைகூற மாட்டோம். அவ்விற்பனையை அவரது கிளையின் கணக்கில் பதிவு செய்ய வேண்டியது தலைமையகமே.