இயந்திரக் குத்தகையா, கொள்முதலா: திட்ட அறிக்கையில் ரொக்க ஒப்பீடு

தொழில் திட்ட அறிக்கையில் ஓர் இயந்திரத்தை விலைக்கு வாங்குவதா, குத்தகைக்கு எடுப்பதா என்பதை மாதவாரி ரொக்க ஓட்டப் பட்டியலில் ஒப்பிட்டு முடிவுசெய்ய வேண்டும். லாப நட்டக் கணக்கு இதற்குப் போதாது.

எடுத்துக்காட்டாக, ஒரு பின்னலாடை ஆலைக்கு 20 லட்சம் ரூபாய் இயந்திரம் தேவை. ஜிஎஸ்டியை இப்போதைக்கு ஒதுக்கிவைக்கலாம். வாங்கினால் கைப்பணம் 5 லட்சம். மீதி 15 லட்சத்துக்கு 12 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடன், மாதத் தவணை சுமார் 33,370 ரூபாய். குத்தகை என்றால் முன்பணம் 1 லட்சம், மாத வாடகை 48,000.

முதலாண்டில் வாங்குபவரிடமிருந்து ஏறத்தாழ 9 லட்சம் வெளியேறும், குத்தகைதாரருக்கு 6.76 லட்சமே. ஆனால் 28ஆம் மாதத்தில் குத்தகையின் மொத்தச் செலவு முந்திவிடும். ஐந்தாண்டு முடிவில், முன்பணம் திரும்பிய பிறகும், குத்தகைக்குச் சுமார் 3.8 லட்சம் கூடுதல். இயந்திரமும் கையில் இராது. ஆகவே தொடக்க இரண்டாண்டில் ரொக்கம் வறளும் ஆலைக்கே குத்தகை பொருந்தும்.

தேய்மானத்தை ரொக்கச் செலவாக எழுதுவது பரவலான பிழை. அது பணமாக வெளியேறுவதில்லை. வரியை மட்டும் குறைக்கும். கடன் அசல் இதற்கு நேர்மாறு: ரொக்கப் பட்டியலில் உண்டு, லாப நட்டக் கணக்கில் இல்லை. இவற்றில் எது தவறினாலும் பட்டியலின் இறுதி இருப்பு, ஐந்தொகையின் ரொக்கத்தோடு ஒத்துப்போகாது.

ஜிஎஸ்டியையும் மறக்கலாகாது: கொள்முதலில் அது ஒரே தடவையில் வெளியேறும், உள்ளீட்டு வரி வரவாக ஈடாவதற்கு மாதங்கள் ஆகலாம்.