பின்னந்தலைக்கு டை: கண்ணாடியா, இன்னொருவர் கையா?

முன்நெற்றிக்கு டை அடிக்க யாருடைய ஒத்தாசையும் வேண்டாம். வம்பெல்லாம் பின்னந்தலையில்தான். குளியலறைக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, கையில் இன்னொரு கண்ணாடியோடு பல மாதம் தனியாக அடித்தேன். பிறகு வீட்டுக்காரரிடம் பிரஷ்ஷைக் கொடுத்தேன். இரண்டு முறையிலும் வெள்ளைத் திட்டு விட்டது. ஆனால் வேறு வேறு இடங்களில்.

கண்ணாடியில் பின்னந்தலை நன்றாகவே தெரிகிறது. கைதான் போதவில்லை. ஒரு கை கண்ணாடியைப் பிடித்துக்கொண்டால், மிச்சமுள்ள கையால் வகிடு எடுப்பதா, பிரஷ் பிடிப்பதா? மேல்முடியில் மட்டும் டை ஏறி, பிடரி ஓரத்திலும் காதுக்குப் பின்னாலும் அடிமுடி வெள்ளையாகவே நின்றது. கண்ணாடியைக் கீழே வைத்த பிறகுதான் வேலை சீரானது. முடியை நான்காகப் பிரித்துக் கிளிப் போட்டேன். கை ஓய்வதற்குள் பின்பக்கத்தை முடித்துவிட வேண்டும் என்று பிடரியில் தொடங்கி, விரலளவு வகிடாக மேலே ஏறினேன். கையுறை போட்ட விரலால் ஒவ்வொரு வகிட்டையும் தடவினால் டை பட்ட இடம் வழுக்கும், படாத இடம் சொரசொரக்கும். அங்கே கண்ணைவிட விரலுக்குத்தான் அதிகம் தெரியும்.

அவர் அடித்தது சுவருக்கு வெள்ளையடிப்பது போல. நான் எடுத்த நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. "ஏங்க, அடியில பட்டுதா?" என்றால், "ஒரு வெள்ளை முடிகூட தெரியலையே" என்பார். பொய்யில்லை. டை ஈரமாக இருக்கும்போது பக்கத்து முடி படிந்து, விட்டுப்போன வெள்ளையையும் மூடிவிடும். அலசிக் காயவைத்து ஜன்னலோரம் பார்த்தபோது, உச்சிச் சுழியைச் சுற்றி ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளை. சுழியில் முடி எல்லாத் திசையிலும் விரிவதால், ஒரு வகிடு எடுத்தால் அது அடுத்ததை மூடும். பட்டையாக வகிடு எடுத்தால் நடுவில் உள்ளது தப்பிவிடும். எனக்கு அது தலையில் உறைக்கவும் இல்லை. அவர் பிரஷ் எங்கும் ஈரமாகத்தான் பட்டது.

இதற்கு ஒரே வழி, அடித்த திசைக்குக் குறுக்கே வகிடு எடுத்துப் பார்ப்பது. படுக்கை வகிட்டில் அடித்தால், நெட்டுவாக்கில் பிரித்துச் சோதிக்க வேண்டும். இதைத் தனியாகச் செய்வது கழுத்துவலிக்குத்தான் வழி; பின்னால் நிற்கும் ஆளுக்கோ ஒரு நிமிட வேலை.

அதனால் இப்போது அடிப்பது நான், சோதிப்பது அவர். ஜன்னலோர ஸ்டூலில் உட்காருவேன். அவர் சீப்பின் வால்முனையால் சுழியையும் காதுப் பின்புறத்தையும் பிரித்துக் காட்டிப் போனில் படம் எடுப்பார். எங்கே வெள்ளை என்று பார்த்து நானே தொடுவேன். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தை அந்தக் கடைசித் தொடலிலிருந்துதான் எண்ணுகிறேன். அதுவரை டை கலந்த கிண்ணத்தைக் கழுவுவதில்லை.