முப்பது இரட்டையரும் ஒரு சோதனையும்

1929இல் ஜெர்மானிய மனநல மருத்துவர் யோஹன்னஸ் லாங்கே, சிறைக்கைதிகளின் இரட்டை உடன்பிறப்புகளைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். ஒரு கரு இரட்டையர் 13 பேரில் 10 பேர் தாமும் தண்டனை பெற்றிருந்தனர். ஒரே பாலினத்து இரு கரு இரட்டையர் 17 பேரில் இருவர் மட்டுமே அவ்வாறு தண்டனை பெற்றவர்கள். குற்றம் பிறப்போடு வரும் விதி என்பது நூலின் வாதம். இவ்வளவு பெரிய முடிவை முப்பதே இணைகள் தாங்குமா?

கார்ல் பியர்சன் 1900இல் வகுத்த கை-வர்க்கச் சோதனையை இங்குப் பொருத்தினால் மதிப்பு 13.03 வருகிறது, ஒரு திசை நிகழ்தகவு 0.00015. எதிர்பார்க்கப்படும் அலைவெண்கள் நான்கும் ஐந்துக்கு மேற்பட்டவை. எனவே வழக்கமான விதியும் மீறப்படவில்லை. 1935இல் ஆர். ஏ. ஃபிஷர் இதே எண்களை வேறு வழியில் கணக்கிட்டார். முப்பது பேரில் தண்டனை பெற்ற பன்னிருவரைத் தேர்ந்தெடுக்க 8,64,93,225 வழிகள் உண்டு. அவற்றுள் பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் ஒரு கரு இரட்டையராக அமையும் வழிகள் 40,235. நிகழ்தகவு 0.00047, முந்தையதைப் போல் மூன்று மடங்கு. எண்ணிக்கை முழு எண்களாகத் தாவுவது. கை-வர்க்க வளைவோ தொடர்ச்சியானது. கூறு சிறிதாகும்போது இவ்விரண்டுக்கும் இடையிலான இடைவெளி விரிகிறது.

லாங்கேயின் எண்களில் இவ்வேறுபாடு முடிவை மாற்றவில்லை. ஆனால் ஒரு பண்பு, திடீர்மாற்றம் உடைய ஆறு எலிகளில் ஐந்திலும், இயல்பான ஆறில் ஒன்றிலும் தோன்றுவதாகக் கொள்வோம். எதிர்பார்க்கப்படும் அலைவெண் ஒவ்வொன்றும் மூன்றே. இரு திசை நோக்கில் கை-வர்க்கம் 0.021 என்று கூறும். ஃபிஷரின் துல்லியச் சோதனை 0.080 என்று கூறும். 0.05 எல்லையில் தீர்ப்பே புரண்டுவிடுகிறது.

கை-வர்க்கத்தின் இயல்பான களம் மெண்டலின் பட்டாணி போன்றது: 5,474 உருண்டை விதைகள், 1,850 சுருங்கிய விதைகள். 3:1 விகிதத்தோடு ஒப்பிட்டால் மதிப்பு 0.26, விலகல் பொருட்படுத்தத்தக்கதன்று. அச்செடிகளின் உயரத்தை அளந்து இரு மரபுவகைகளின் சராசரிகளை ஒப்பிடுவதாயின், அது எண்ணிக்கையன்று, அளவீடு. அதற்குரியது, கின்னஸ் மதுவடிப்பாலையில் பணியாற்றிய வில்லியம் காசெட் சிறிய கூறுகளுக்கென 1908இல் தந்த ஆய்விலிருந்து வளர்ந்த டி-சோதனை. உயரங்களை 'நெட்டை, குட்டை' எனப் பிரித்துக் கை-வர்க்கத்துக்கு மாற்றினால் தகவல் வீணாகும். ஆனால் நான்கைந்து செடிகளை மட்டும் வைத்து இயல்நிலைப் பரவலைச் சரிபார்க்க இயலாது. ஒரே செடியை மும்முறை அளந்தாலும் அது ஒரு செடியே.

இறுதியாக, ஃபிஷரின் 0.00047 ஒன்றை மட்டுமே கூறுகிறது: இப்பகிர்வு தற்செயலாக நேர்வது அரிது. காரணம் மரபணுவா, ஒரு கரு இரட்டையர் கூடுதலாகப் பகிரும் வளர்ப்பும் நட்புவட்டமுமா என்பதை அது கூறாது. சோதனையின் துல்லியம் தற்செயலை அளப்பதோடு நின்றுவிடுகிறது. 'விதி' என்ற சொல் அந்த அட்டவணையிலிருந்து வந்ததன்று.